வெல்லப் பால் பாயசம் திரியாமல் அமைய

இறைவனுக்கு நிவேதனமாகச் சமைக்கும் எப்பொருளையும் படைப்பதற்கு முன் சுவைத்துப் பார்த்தல் கூடாது என்பது மடைப்பள்ளிக்கும் இல்லத்துப் பூசைக்கும் பொதுவான நியதி. பெரும்பாலான அமுது வகைகளில் இதனால் இடர் ஏதும் நேர்வதில்லை. அளவு தெரிந்தால் போதும். ஆனால் வெல்லம் சேர்த்த பால் பாயசம் அவ்வாறன்று. ஒரு மணி நேரம் நின்று காய்ச்சிய பால், வெல்லம் விழுந்த சில நொடிகளில் திப்பி திப்பியாகத் திரிந்து, நீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்துவிடுகிறது. தீபாராதனைக்கு நேரம் நெருங்கும் வேளையில் இது நிகழ்ந்தால், திரிந்ததைப் படைக்கவும் மனம் ஒப்பாது. புதிதாகச் செய்யவும் காலம் இராது. நாவைக் கொண்டு சோதிக்க இயலாத இடத்தில், கண்ணும் மூக்கும் முன்னறிவுமே துணையாகின்றன.

பால் ஏன் திரிகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பாலிலுள்ள புரதம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. புளிப்பு கூடினால் அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெல்லம் இனிப்பானதே எனினும், கரும்புச் சாற்றின் இயல்பான புளிப்பும் உப்புக்களும் அதில் தங்கியுள்ளன. நாட்பட்டு ஈரம் கசிந்த வெல்லத்தில் இப்புளிப்பு மேலும் மிகும். வெள்ளைச் சர்க்கரையில் இவை நீக்கப்பட்டுவிடுவதால் அது பாலைத் திரிப்பதில்லை. கேரளத்து அம்பலப்புழை ஸ்ரீகிருஷ்ணன் கோயிலின் புகழ்பெற்ற பால் பாயசம், சர்க்கரை சேர்த்தே நெடுநேரம் காய்ச்சப்படுவது. அந்நாட்டில் வெல்லம் சேரும் பிரதமன் வகைகளுக்குப் பெரும்பாலும் தேங்காய்ப் பாலையே கொள்வதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. பால் சுண்டச் சுண்ட அதன் நீர் குறைந்து, புரதமும் உப்பும் நெருங்கிவிடுகின்றன. புளிப்பும் சிறிது ஏறுகிறது. ஆகவே நன்கு குறுகிய பால், காய்ச்சாத பாலைவிட எளிதில் திரியும். சூடு மிகுந்திருந்தால் இன்னும் எளிது. குறுகிய பால், கொதிக்கும் சூடு, புளிப்புள்ள வெல்லம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கூடுவதே கேட்டிற்குக் காரணம். பால் குறுகுவதைத் தவிர்க்க இயலாது. மற்ற இரண்டையும் தவிர்க்கலாம்.

வெல்லத்தை முதல் நாளே சோதித்துவிடுதல் நலம். நிவேதனத்திற்கு ஒதுக்கிய பாலைத் தொடாமல், வேறு பால் இரண்டு கரண்டி எடுத்துச் சிறு கிண்ணத்தில் கொதிக்கவைத்து, நெல்லிக்காயில் பாதியளவு வெல்லத்தை அதில் இட்டுக் கலக்கிப் பார்க்கலாம். பால் வழவழப்பாகவே நின்றால் வெல்லம் தக்கது. கிண்ணத்தின் ஓரத்தில் மணல் போன்ற பொடித்துகள் ஒட்டினால் அவ்வெல்லத்தைச் சர்க்கரைப் பொங்கலுக்கு ஒதுக்கிவிடலாம். பாகைக் கொதிக்கவைப்பதால் புளிப்பு முற்றும் நீங்கிவிடாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா இடுவோரும் உளர்; அது புளிப்பை அடக்கும் என்பது உண்மையே. ஆயினும் சற்று மிகுந்தாலும் சவர்க்காரச் சுவை தட்டும். சுவை பார்க்க இயலாத சமையலில் அத்துணிவு வேண்டாம். வெல்லத்தை மாற்றுவதே மேல்.

பாத்திரத்திலும் கவனம் தேவை. பூசைப் பாத்திரங்களைப் புளி கொண்டு துலக்குவது நம் வழக்கம். விளிம்பின் மடிப்பில் சிறிது புளி தங்கியிருந்தாலும் பால் பொங்கும்போதே திரிந்துவிடும். பழி மட்டும் பால்காரர் மேல் விழும்! துலக்கிய பின் வெந்நீரால் இருமுறை அலம்புதல் வேண்டும். அடி கனத்த, வாய் அகன்ற வெண்கல உருளி சிறந்தது. பித்தளையாயின் ஈயம் பூசியிருத்தல் அவசியம்.

இனி அளவு. பால் ஒரு லிட்டர், பச்சரிசி கால் ஆழாக்கு, பொடித்த வெல்லம் 150 கிராம், நெய் இரண்டு தேக்கரண்டி. அரிசியைக் கழுவி ஈரம் உலர்த்தி, ஒரு தேக்கரண்டி நெய்யில் வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்க. உருளியைச் சிறிது நீரால் நனைத்த பின் பாலை ஊற்றினால் அடிப்பிடிப்பது குறையும். பால் பொங்கியதும் தீயைத் தணித்து அரிசியை இடுக. அதன்பின் பால் மெல்ல நலுங்கிக்கொண்டிருக்க வேண்டுமேயன்றித் துள்ளிக் கொதித்தல் ஆகாது. கரண்டி அடியைத் தொட்டு வரும்படி அடிக்கடி கிளறி, ஓரத்தில் படியும் ஆடையைப் பாலிலேயே வழித்துவிடுக. சுமார் முக்கால் மணி நேரத்தில் பால் மூன்றில் இரண்டு பங்காகக் குறுகி, இளஞ்சந்தன நிறம் பெறும். விரைவு கருதித் தீயைக் கூட்டினால் அடியில் பிடித்த வாடை பாயசம் முழுவதும் ஏறிவிடும். அதனை ஏலக்காயாலும் மறைக்க இயலாது.

இறக்குமுன் அரிசியை ஒரு பருக்கை எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் நொய் தட்டாமல் குழைதல் வேண்டும். வெல்லம் சேர்ந்த பின் அரிசி மேலும் வேகாது. அரை வேக்காட்டோடு நின்றுவிடும். நன்கு குழைந்த அரிசியின் கஞ்சி, பால் திரியாமல் ஓரளவு காக்கவும் செய்கிறது. பாகு சேர்ந்ததும் பாயசம் சற்று நெகிழும், ஆறினால் மீண்டும் இறுகும். ஆதலால் கரண்டியிலிருந்து பட்டையாக வழியும் பதத்தில் இறக்கிவிடலாம்.

பால் குறுகும் வேளையிலேயே வெல்லத்தைக் கால் டம்ளர் நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆறவைத்துவிட வேண்டும். உருளியை அடுப்பினின்று இறக்கி, ஆடை படியாமல் அவ்வப்போது கிளறிக்கொண்டு, இருபது அல்லது இருபத்தைந்து நிமிடம் ஆறவிடுக. பாத்திரத்தின் புறத்தைத் தொட்டால் கை சில நொடிகள் பொறுக்கும் சூடே உரிய பதம். அப்போது ஆறிய பாகை நூல் போல ஊற்றி, மறு கையால் கிளறிக்கொண்டே கலக்க வேண்டும். பின்னர் அடுப்பில் ஏற்றுதல் கூடாது. எஞ்சிய நெய், ஏலப்பொடி, கடுகளவு பச்சைக் கற்பூரம் ஆகியவற்றை இந்நிலையில் சேர்க்கலாம். படைக்கும்போது சூடு வேண்டுமெனில், பாத்திரத்தை வெந்நீரில் இருத்திச் சூடாக்குவது போதும்.

கூடாரவல்லியன்று செய்யும் அக்கார அடிசிலில் வெல்லத்தை அடுப்பில் வைத்தே சேர்க்கிறார்களே எனச் சிலர் ஐயுறுவர். அதில் பால் முழுவதையும் அரிசி உண்டு குழைந்த பின்னரே வெல்லம் சேர்கிறது; பிரிந்து நிற்கப் பால் தனியே இராது. நெய்யும் மிகுதி. பாயசத்தில் பால் நீர்மையாகவே நிற்பதால் அம்முறை இதற்குப் பொருந்தாது.

இத்தனைக்கும் பிறகு பச்சை கலந்த நீர் ஓரத்தில் பிரியக் கண்டால், அதை மீண்டும் சேர்க்க வழியில்லை. கிளறினாலும் பால் ஊற்றினாலும் திப்பி கரையாது. அதை அரிசியோடு அப்படியே நெய் விட்டு இறுகக் கிளறி, திரட்டுப்பால் போல இல்லத்தார் உண்ணலாம். நிவேதனத்திற்கு அன்று வேறு பாலைக் காய்ச்சிச் சர்க்கரையிட்டுப் படைத்துவிடலாம்.