ஒரே சுவரில் இரண்டு சூரியன்கள்

வீட்டு முகப்பின் படத்தில் ஒரு பால்கனி சேர்க்க வேண்டும், ஒரு சன்ஷேடை மாற்ற வேண்டும் என்றால் இப்போது யாரும் முழுப் படத்தையும் திரும்ப வரைவதில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, படம் உருவாக்கும் ஏஐ செயலியிடம் கொடுத்து, வந்ததைப் பழைய படத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய விளிம்பு தெரியாது, நிறமும் பொருந்தும். ஆனாலும் படம் உறுத்தும். கீழ்த்தள ஜன்னலின் நிழல் வலப்பக்கம் சாய்ந்திருக்க, மேலே பால்கனியின் நிழல் இடப்பக்கம் விழுந்திருக்கும்.

காரணம் எளிது. வெட்டிக் கொடுத்த துண்டுக்குள் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதற்கு அடையாளமே இல்லை. செயலி ஒரு திசையை ஊகித்துக்கொள்கிறது. அடுத்த துண்டுக்கு வேறொன்றை. விளிம்பை மங்கலாக்குவதும் நிறத்தை இழைப்பதும் ஒட்டை மறைக்குமே தவிர, சாய்வைத் திருத்தாது.

அசல் சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு கோடு போதும். சன்ஷேடின் பக்க ஓரம் சுவரில் சேரும் முனையிலிருந்து, அதன் முன்முனையின் நிழல் விழும் புள்ளிக்குக் கோடு போடுங்கள். நிழலின் சாய்ந்த ஓரம் அதுதான். ஒரே சுவரில், ஒரே நேரத்தில், நேராகத் துருத்தி நிற்கும் எல்லாவற்றுக்கும் இந்தச் சாய்வு ஒன்றாகவே இருக்கும்.

சென்னையில் கிழக்குப் பார்த்த ஒரு வீடு, பிப்ரவரி 20 வாக்கில், காலை பத்து மணிக்குச் சற்று முன்பு என்று வைத்துக்கொள்வோம். சூரியன் ஏறக்குறைய 45 டிகிரி உயரத்தில், நேர்கிழக்கிலிருந்து 30 டிகிரி தெற்கே ஒதுங்கி நிற்கும். தெருவில் நின்று வீட்டைப் பார்ப்பவருக்கு அது முதுகுக்குப் பின்னே, இடப்பக்கம். 60 செ.மீ. நீண்ட சன்ஷேடின் நிழல் சுவரில் 69 செ.மீ. கீழே இறங்கி, 35 செ.மீ. வலப்பக்கம் நகரும். அதாவது இரண்டு பங்கு கீழே, ஒரு பங்கு பக்கவாட்டில். புதிதாகச் சேர்க்கும் பால்கனித் தளம் 90 செ.மீ. நீண்டிருந்தால் 104 கீழே, 52 வலப்பக்கம். நீளம் மாறினாலும் விகிதம் மாறவில்லை. இதனால் சூரியன் நின்ற இடம் தெரியாவிட்டாலும் வேலை நடக்கும்: கீழ்த்தள சன்ஷேடில் அளந்த விகிதத்தை அப்படியே பால்கனிக்குப் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் முதலில் அந்தச் சுவரைப் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நேராக்கிவிட்டு அளக்க வேண்டும். பக்கத்துச் சுவர் வேறு திசையைப் பார்ப்பதால் அங்கே சாய்வு வேறாகத்தான் இருக்கும். அதைப் பிழையென்று திருத்தப் போனால் சரியாக இருந்ததும் கெடும்.

இனி திருத்தம். தவறான நிழலை வெளுக்கவைத்துச் சரிசெய்யலாம் என்று பலர் முயல்கிறார்கள்; அங்கே புள்ளி புள்ளியாக அழுக்குத்தான் மிஞ்சும். வெயில் படும் வெற்றுச் சுவரைக் குளோன் செய்து அந்த நிழலை மூடிவிடுவதே மேல். பிறகு தனி லேயரில், கணக்குப்படி நிழலின் வடிவத்தை வரைந்து, மல்டிப்ளை முறையில் வைக்க வேண்டும்.

அந்த நிழலுக்கு வெறும் கறுப்பைப் பூசக் கூடாது. அசல் படத்தில் அதே சுவரில் வெயில் பட்ட புள்ளியையும் நிழல் புள்ளியையும் ஐடிராப்பரால் எடுத்துப் பாருங்கள். வெயிலில் சிவப்பு 220, பச்சை 205, நீலம் 180 என்றும், நிழலில் 110, 113, 117 என்றும் இருந்தால், சிவப்பு பாதியாகிறது, நீலம் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. நிழலுக்குள் வரும் ஒளியில் பெரும்பங்கு நீல வானத்துடையது என்பதால் இப்படி. இந்த விகிதங்களையே லேயரின் நிறமாக வைத்தால் புது நிழல் பழையதோடு சேர்ந்துவிடும்.

விளிம்பை மங்கலாக்கும் ஆசையும் வேண்டாம். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். நம் பால்கனியின் முன்விளிம்பிலிருந்து நிழல் விழும் இடம்வரை ஒன்றரை மீட்டர். அந்தத் தூரத்துக்கு நிழலோரம் ஒன்றரை செ.மீ. அளவுக்கே மங்கும். மீட்டருக்கு 100 பிக்சல் உள்ள படத்தில் அது ஒன்றிரண்டு பிக்சல். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தின் நிழலானால் ஒன்பது செ.மீ. வரை மங்கலாம்.

கடைசியாகச் சுவரின் சொரசொரப்பு நிழலுக்குள்ளும் ஒத்துவர வேண்டுமென்றால், அந்தப் பகுதியைச் செயலியில் 0.2 அல்லது 0.3 அளவு டீநாய்சிங்கில் மட்டும் ஓட்டலாம். 0.6க்கு ஏற்றினால் அது மறுபடி தன் சொந்தச் சூரியனைக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு வேலையில் பாதியை மாஸ்க் போடும்போதே தவிர்க்கலாம். பெரும்பாலோர் பொருளைச் சுற்றி மட்டும் மாஸ்க் வரைகிறார்கள். சன்ஷேடு போய்விடுகிறது, அதன் நிழல் சுவரில் அநாதையாக நிற்கிறது! நிழல் விழும் இடத்தையும் மாஸ்க்குக்குள் சேர்த்து, அசல் நிழல் ஒன்றாவது தெரியும்படி துண்டைச் சற்று அகலமாக வெட்டுங்கள். அசல் படம் மேகமூட்டத்தில் எடுத்ததா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் சாய்வை அளக்க எதுவுமில்லை. செயலி போட்ட கூரான நிழல்களை எல்லாம் அழித்துவிட்டு, பால்கனிக்கு அடியில் மட்டும் மெல்லிய இருட்டு விட்டால் போதும்.