கறுப்பாகத் தெரியும் கட்டி, முறுக்கிக்கொள்ளும் சினைப்பை

1955 ஜூலையில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட் ஒரு விசித்திரமான சுமையுடன் கிளம்பினார். அறுவைசிகிச்சையில் அகற்றிய கர்ப்பப்பைத் தசைக்கட்டிகளும், நீர் நிறைந்த ஒரு பெரிய சினைப்பைக் கட்டியும் காரின் டிக்கியில் இருந்தன. அவர் போய் இறங்கிய இடம், ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலை. உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. அதே அலை சதைக்குள் போனால் என்ன சொல்லும் என்பதுதான் அவருடைய கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் கொடுத்தார்கள்.

கருவி தெளிவாகவே பதில் சொன்னது. தசைக்கட்டிக்குள் அலை போகப் போக, வழியெல்லாம் எதிரொலி திரும்பியது. அலையும் தேய்ந்துகொண்டே போனது. நீர்க்கட்டியிலோ முன்சுவரில் ஒரு எதிரொலி, பின்சுவரில் ஒரு எதிரொலி. நடுவே எதுவுமில்லை. இன்று தெருமுனை ஸ்கேன் சென்டரில் ஒரு கட்டியைச் 'சிம்பிள்' என்றும் 'காம்ப்ளெக்ஸ்' என்றும் பிரித்து எழுதுவது இந்த ஒரே வேறுபாட்டை வைத்துத்தான்.

மூன்று வருடம் கழித்து, 1958இல், டொனால்டும் ஜான் மெக்விகாரும் பொறியாளர் டாம் பிரௌனும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, மருத்துவ ஸ்கேனின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று. அவர்கள் சோதித்தவர்களில், வயிறு பெரிதாக வீங்கிய ஒரு பெண்ணுக்கு முற்றிய இரைப்பைப் புற்றுநோய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஸ்கேனில் தெரிந்ததோ ஒரு மாபெரும் நீர்க்கட்டி. வயிற்றைத் திறந்து அந்தச் சினைப்பைக் கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார்.

இனி நம் ஊர் ரிப்போர்ட்டுக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிட வேண்டும். பிசிஓடி உள்ளவர்களுக்கு 'நீர்க்கட்டி இருக்கிறது' என்று சொல்கிறார்களே, அது வேறு சமாச்சாரம். அங்கே தெரிபவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, முழுதாக வளராத சினைமுட்டைப் பைகள். இந்தக் கட்டுரை பேசுவது, சினைப்பையில் தனியாக வளர்ந்து நிற்கும் ஒரு கட்டியைப் பற்றி.

அந்தக் கட்டியைச் சிம்பிள் என்று எழுத, ஸ்கேன் செய்பவர் சில விஷயங்களைப் பார்க்கிறார். உள்ளே முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். அதாவது எதிரொலியே வரக்கூடாது. சுவர் மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். தடுப்போ சதைமுண்டோ இருக்கக்கூடாது. கட்டிக்குப் பின்னால் இருக்கும் பகுதி சுற்றுப்புறத்தைவிட வெளுப்பாகத் தெரிய வேண்டும். நீரின் வழியே அலை தேயாமல் கடந்துபோவதால் வரும் வெளுப்பு அது. ரென்ஃப்ரூவில் பார்த்த அதே வேறுபாடுதான்.

மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு சினைமுட்டைப் பை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வரை வளர்ந்து வெடிக்கிறது. சில மாதம் அது வெடிக்காமல் வளர்ந்துகொண்டே போகும். அதுவும் சிம்பிள் கட்டியாகத்தான் தெரியும். பெரும்பாலும் தானே வற்றிவிடும். அதனால்தான் இந்த வயதில் 5 சென்டிமீட்டர் வரையிலான சிம்பிள் கட்டிக்குப் பொதுவாக மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை என்று கதிரியக்க நிபுணர்களின் வழிகாட்டிகள் சொல்கின்றன. மாதவிலக்கு நின்றவர்களுக்கு இந்த அளவுகோல் இன்னும் இறுக்கமானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெண்களின் ஸ்கேன்களை அலசி 2019இல் வெளியான ஆய்வில், 50 வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிம்பிள் கட்டி இருந்தது. அப்படிக் கட்டி மட்டும் இருந்த இளையவர்களில் ஒருவருக்கும் பிறகு சினைப்பைப் புற்றுநோய் கண்டறியப்படவில்லை.

காம்ப்ளெக்ஸ் என்று எழுதியிருந்தால் வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடுகிறது. ஆனால் அது ஒரு நோயின் பெயரே இல்லை. 'உள்ளே தெளிந்த நீர் மட்டும் இல்லை' என்பதுதான் அதன் அர்த்தம். வேறென்ன இருக்கிறது என்பதைத்தான் அடுத்து பார்க்க வேண்டும்.

இளம்பெண்களிடம் அடிக்கடி தெரிவது ரத்தக்கசிவுக் கட்டி. முட்டை வெளியேறிய இடத்தில் ரத்தம் கசிந்து, உறைந்து, நூல்நூலாக வலைபோல் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து, மாதவிலக்கு தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் திரும்ப ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். தேதியை இப்படிக் குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைத் தாண்டிப் போனால் அந்த மாதத்தின் புதிய கட்டி ஒன்று கண்ணில் பட்டு, பழையதுதான் கரையவில்லை என்று நினைத்துவிடலாம். டெர்மாய்ட் கட்டி வேறு ரகம். கொழுப்பும் முடியும், சிலசமயம் பல்லும்கூட உள்ளே இருக்கும். வெள்ளையாகத் தெரிந்து, அலையை மறித்து, பின்னால் நிழல் விழவைக்கும். எண்டோமெட்ரியோசிஸ் கட்டியில் பழைய ரத்தம் கெட்டியாகி, உட்பகுதி முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறமாக இருக்கும். இந்த மூன்றுமே புற்றுநோய் அல்ல.

கவலைப்பட வேண்டியது உள்ளே சதைப்பகுதி இருந்து, அது ஒழுங்கற்றதாகவும் இருந்து, டாப்ளரில் அதற்குள் ரத்தம் ஓடுவதும் தெரியும்போது. சுவரிலிருந்து நான்கோ அதற்கு மேலோ சிறு முண்டுகள் நீட்டிக்கொண்டிருப்பதும், வயிற்றுக்குள் நீர் கோத்திருப்பதும் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும். வலைபோல் தெரியும் உறைந்த ரத்தத்துக்குள் ரத்த ஓட்டம் இருக்காது. அதனால் சந்தேகமான இடத்தில் டாப்ளர் வைத்துப் பார்ப்பதே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டி என்ன ரகம் என்ற கேள்விக்கானது. சினைப்பை முறுக்கிக்கொள்ளுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. சிம்பிள் கட்டியும் முறுக்கும். அதை 'பயப்பட ஒன்றுமில்லை' என்று கேட்டு வந்த பெண்தான் ஒரு விடியற்காலையில் துடித்துப்போய் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறாள்.

சினைப்பை ஒரு காம்பில் தொங்குவதுபோல இருக்கிறது. ரத்தக் குழாய்கள் அந்தக் காம்பு வழியேதான் வருகின்றன. கட்டியால் ஒரு பக்கம் கனத்த சினைப்பை, அந்தக் காம்பைச் சுற்றித் திரும்பிவிட்டால் குழாய்கள் நெரிபடும். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த ஆபத்து கூடுகிறது. டெர்மாய்ட் இதில் பேர்போனது. எண்டோமெட்ரியோசிஸ் கட்டியோ சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவ்வளவாகத் திரும்புவதில்லை. வலப்பக்கம்தான் அதிகம் முறுக்குகிறது. இடப்பக்கத்தில் பெருங்குடலின் வளைவு இடத்தை அடைத்துக்கொண்டு அசையவிடாமல் செய்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு நிலைமையை இப்படி வைத்துக்கொள்ளலாம். 22 வயதுப் பெண். வலது சினைப்பையில் 6 சென்டிமீட்டர் சிம்பிள் கட்டி இருப்பது இரண்டு மாதம் முன்பே தெரியும். இரவு மாடிப்படி ஏறும்போது அடிவயிற்றில் வலப்பக்கம் சுருக்கென்று ஒரு வலி, உட்கார்ந்ததும் குறைந்தது. விடிகாலையில் அதே வலி பல மடங்காகத் திரும்பி வந்து, இரண்டு முறை வாந்தியும் ஆயிற்று. காய்ச்சல் இல்லை. மருத்துவர் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்கிறார். கருக்குழாயில் கர்ப்பம் தங்கி வெடித்தாலும் இதே வலி வரும். அது உயிருக்கே ஆபத்து. முடிவு நெகட்டிவ். அப்பெண்டிக்ஸ் என்ற சந்தேகம் இன்னும் நிற்கிறது. அடுத்து ஸ்கேன். திருமணமாகாதவர் என்பதால் சிறுநீர்ப்பை நிறைந்ததும் வயிற்றின் மேல் வைத்தே பார்க்கிறார்கள்.

கட்டி அதே 6 சென்டிமீட்டர்தான். ஆனால் பார்க்க வேண்டியது கட்டியை அல்ல, அதைத் தாங்கும் சினைப்பையை. அது நீர்கோத்து வீங்கியிருக்கிறது. அதிலுள்ள சிறு முட்டைப் பைகள் எல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வரிசையாக நிற்கின்றன. இடப்பக்கச் சினைப்பை எப்போதும்போல 3 சென்டிமீட்டர். வலப்பக்கத்தது தன் இடத்தை விட்டு நகர்ந்து, நடுவில், கர்ப்பப்பைக்கு முன்னால் வந்து நிற்கிறது. பக்கத்தில் கொஞ்சம் நீரும் இருக்கிறது. காம்பின்மேல் கருவியை மெல்ல நகர்த்தும்போது ரத்தக் குழாய்கள் சுழன்று சுழன்று சுருளாகத் தெரிகின்றன. சுழி என்று இதைச் சொல்வார்கள். தெரிந்தால் இதைவிட வலுவான அடையாளம் கிடையாது. தெரியாமலும் போகலாம்; காம்பைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் கைக்கு வேண்டும்.

இங்கேதான் தவறு நடக்கும் இடம். டாப்ளரில் அந்தச் சினைப்பைக்குள் ரத்தம் ஓடுவது தெரிகிறது. 'ரத்த ஓட்டம் இருக்கிறது, முறுக்கு இல்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சினைப்பை போய்விடும். சினைப்பைக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது: மகாதமனியிலிருந்து நேராக வரும் தமனி ஒன்று, கர்ப்பப்பைத் தமனியின் கிளை இன்னொன்று. முறுக்கும்போது முதலில் அடைபடுவது மெல்லிய சுவருள்ள சிரைகள்தான். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. வீக்கம் கூடிக்கொண்டே போகும். பாதி முறுகி, தானே அவிழ்ந்து, மறுபடி முறுகும் வகையும் உண்டு. அந்த நேரத்தில் ஸ்கேன் பண்ணினால் ஓட்டம் சரியாகவே தெரியும். இந்தப் பெண்ணுக்கு முந்தின இரவு வந்து போன சுருக்கென்ற வலி அப்படிப்பட்டதாக இருக்கலாம். ஆக, ஓட்டம் இல்லை என்றால் சந்தேகம் பலப்படும். ஓட்டம் இருக்கிறது என்பதால் சந்தேகம் விலகாது.

ஸ்கேனால் சந்தேகிக்கத்தான் முடியும். உறுதியாவது அறுவைசிகிச்சையில். லாப்ரோஸ்கோப்பியில் பார்க்கும்போது சினைப்பை கருநீலமாக, செத்துவிட்டதுபோலத் தோன்றும். முன்பெல்லாம் அதைப் பார்த்ததும் வெட்டி எடுத்துவிடுவார்கள். முறுக்கை அவிழ்த்தால் ரத்தக் கட்டி வெளியேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயம் நடைமுறையில் மெய்யாகவில்லை. இப்போது முறுக்கை அவிழ்த்து, நிறம் உடனே திரும்பாவிட்டாலும் சினைப்பையை அங்கேயே விட்டுவிடுவதுதான் வழக்கம். அப்படிக் காப்பாற்றப்பட்ட சினைப்பைகளில் பெரும்பாலானவற்றில் பிறகு எடுக்கும் ஸ்கேன்களில் சினைமுட்டைப் பைகள் வளர்வதைப் பார்க்கிறார்கள். கட்டியை அன்றே எடுப்பதா, வீக்கம் வற்றிய பிறகு எடுப்பதா என்பதை அறுவைசிகிச்சை நிபுணர் அங்கேயே தீர்மானிப்பார்.

5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு, குழந்தைப்பேறு சிகிச்சைக்காகச் சினைப்பையைத் தூண்டும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கட்டியோடு இருப்பவர்களுக்கு, திடீரென்று ஒரு பக்கமாக வலி வந்து கூடவே வாந்தியும் வந்தால், அன்றைக்கே, ராத்திரியானாலும், போய்ப் பார்க்க வேண்டும். வலி வந்து போய் மறுபடி வந்ததையும், முதலில் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போகலாம். கட்டி எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், சினைப்பை அன்றைக்கு எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.