எந்தக் கண்ணி அறுந்தது?

ஒருவர் வேலையில் எவ்வளவு முனைப்புக் காட்டுவார் என்பதை அவருடைய மூன்று நம்பிக்கைகளைக் கொண்டு விளக்குவது எதிர்பார்ப்புக் கோட்பாடு. உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964-இல் வெளியான தம் நூலில் இதை முறையாக வகுத்தார். உழைத்தால் வேலை நன்றாக முடியுமா என்பது முதல் நம்பிக்கை. நன்றாக முடித்தால் சொன்ன பலன் கைக்கு வருமா என்பது இரண்டாவது. அந்தப் பலன் தமக்கு வேண்டியதுதானா என்பது மூன்றாவது. மேலாண்மைப் பாடத்தில் இவற்றை முறையே எக்ஸ்பெக்டன்சி, இன்ஸ்ட்ருமென்டாலிட்டி, வேலன்ஸ் என்பார்கள்.

தேர்வுகளில் இந்தக் கோட்பாடு பெரும்பாலும் ஒரு சிறு கதையாக வரும். கதையில் ஒருவர் சோர்ந்து போயிருப்பார். எந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறது என்று கேள்வி கேட்கும். அப்படி ஒரு கதை இது:

மீனா குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்கும் பிரதிநிதி. மாதம் 40 கருவிகள் விற்க வேண்டும். நல்ல பயிற்சி பெற்றிருக்கிறார். ஓடியாடி உழைத்தால் 40-ஐத் தொட்டுவிடலாம் என்று அவருக்குத் தெரியும். இலக்கை எட்டுபவருக்குப் பகுதி மேலாளர் பதவி என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. அந்தப் பதவிக்கு அவர் வெகுநாளாக ஆசைப்படுகிறார். ஆனால் கடந்த மூன்று முறையும் விற்பனையைப் பார்க்காமல் பணிமூப்பை வைத்தே பதவி கொடுத்தார்கள். இப்போது மீனா மதியத்துக்குமேல் வாடிக்கையாளர்களைச் சந்திக்கப் போவதில்லை.

கதையின் முடிவில் தெரிவது உழைப்புக் குறைவு என்பதால், முயற்சிக்கும் செயல்திறனுக்கும் இடையிலான இணைப்பே கெட்டிருக்கிறது என்று பலர் விடை எழுதிவிடுகிறார்கள். இதுதான் அதிகம் பேர் விழும் குழி. முயற்சி குறைவது விளைவு. கேள்வி கேட்பது காரணத்தை. உழைத்தால் 40 வரும் என்பதில் மீனாவுக்குச் சந்தேகமே இல்லை; ஆகவே முதல் கண்ணி உறுதி. பதவி மேல் ஆசை இருக்கிறது, மூன்றாவதும் உறுதி. 40 விற்றாலும் பதவி வராது என்று மூன்று முறை பார்த்துத் தெரிந்துகொண்டார். அறுந்தது நடுக்கண்ணி, செயல்திறனுக்கும் வெகுமதிக்கும் இடையிலான இணைப்பு.

இதே கதையில் ஒரு வாக்கியத்தை மாற்றினால் விடையும் மாறும். பதவி நேர்மையாக விற்பனையை வைத்தே கிடைக்கிறது, ஆனால் கிடங்கிலிருந்து சரக்கு மாதக் கடைசி வாரத்தில்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு அலைந்தாலும் 40 ஆகாது என்று மீனா நினைப்பார். அப்போது முதல் கண்ணிதான் அறுந்தது. சரக்கும் உண்டு, பதவியும் உண்டு, ஆனால் பதவி ஏற்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும், வீட்டிலோ நோயாளித் தாய் இருக்கிறார் என்றால் பழுது மூன்றாவதில். எனவே கதையைப் படிக்கும்போது, கதாபாத்திரத்தின் மனத்தில் 'முடியாது' என்ற எண்ணம் இருக்கிறதா, 'கிடைக்காது' என்பதா, 'வேண்டாம்' என்பதா என்று தேடினால் போதும்.

இங்கே நிறுவனத்தின் உண்மையான விதி என்ன என்பது இரண்டாம்பட்சம். விதி நேர்மையாக இருந்தும் மீனா அதை நம்பவில்லை என்றால் கண்ணி அறுந்ததாகவே கொள்ள வேண்டும். கோட்பாடு அளப்பது ஆளின் நம்பிக்கையைத்தான்.

மூன்றையும் கூட்டாமல் பெருக்கச் சொன்னதில்தான் கோட்பாட்டின் கூர்மை இருக்கிறது. மீனாவுக்கு முதல் நம்பிக்கை 0.9, இரண்டாவது 0.1, பதவியின் ஈர்ப்பு 0.8 என்று கொள்ளலாம். பெருக்கினால் 0.072. மேலாளர் பதவியோடு காரும் தருவதாகச் சொல்லி ஈர்ப்பை 1.0 ஆக்கினாலும் கணக்கு 0.09-க்கு மேல் ஏறாது. பதவி உயர்வுக்கான அளவுகோலை எழுத்தில் வெளியிட்டு, ஒருமுறையாவது அதன்படி பதவி கொடுத்து, இரண்டாவது நம்பிக்கையை 0.6-க்குக் கொண்டுவந்தால் 0.432. பரிசைப் பெரிதாக்கியும் பணியாளர்கள் அசையாத பல இடங்களில் பழுது இந்த நடுக்கண்ணியிலேயே இருக்கும்.

தேர்வுக் கதையில் பலன் ஒன்றுதான். நிஜத்தில் ஒரே உழைப்பிலிருந்து பல பலன்கள் வருகின்றன: ஊக்கத்தொகை, மரியாதை, களைப்பு, சக ஊழியர்களின் மனக்கசப்பு. இவற்றில் சிலவற்றின் ஈர்ப்பு எதிர்மறை. அதனால்தான் வ்ரூம் எல்லாப் பலன்களையும் சேர்த்தே கணக்கிடச் சொன்னார்.

பெருக்கல் எந்த அளவுக்குச் சரி என்பது பிற்காலத்தில் கேள்விக்குள்ளானது. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வான் ஏர்டும் தியெரியும் வெளியிட்ட பகுப்பாய்வில், மூன்றையும் பெருக்கிய கணக்கு தனித்தனிக் கூறுகளைவிட மேலாகக் கணித்துவிடவில்லை. மேலும், ஒரே ஆள் தம் முன்னுள்ள வழிகளில் எதைத் தேர்வார் என்று கேட்டபோது கோட்பாடு நன்றாகப் பொருந்தியது. இருவரில் யார் அதிகம் உழைப்பார் என்று ஒப்பிட்டபோது அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. மீனாவின் 0.432-ஐ இன்னொரு பிரதிநிதியின் 0.3-உடன் வைத்து, இவர்தான் கூடுதலாக உழைப்பார் என்று சொல்ல அந்த எண்கள் போதா. மதியத்துக்குமேல் மீனா வெளியே கிளம்புவாரா, அலுவலகத்திலேயே இருந்துவிடுவாரா என்பதை ஊகிக்க அவை ஓரளவு உதவும்.