நவம்பர் பட்டை ஏன் அவ்வளவு உயரம்?

புவியியல் தேர்வில் மழையளவு வரைபடம் ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்டால், பருவமழைப் பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூடத் தடுமாறுவதுண்டு. நோட்டில் எண்ணாகப் பார்த்ததைப் படமாகப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இருப்பதில்லை. அந்தப் பழக்கத்தைத் தரும் பயிற்சித்தாளை வீட்டிலேயே தயாரித்துவிடலாம். வகுப்புக் குறிப்பில் இருக்கும் ஒரே ஓர் அட்டவணை போதும்.

சென்னையின் மழையை எடுத்துக்கொள்வோம். நீண்ட காலச் சராசரியைப் பயிற்சிக்கு வசதியாகத் தோராயமாக்கினால், மாதவாரி அளவு மில்லிமீட்டரில் இப்படி வரும்:

ஜனவரி 15, பிப்ரவரி 5, மார்ச் 5, ஏப்ரல் 15, மே 50, ஜூன் 55, ஜூலை 100, ஆகஸ்ட் 150, செப்டம்பர் 110, அக்டோபர் 285, நவம்பர் 350, டிசம்பர் 140.

முதலில் இதைப் பட்டை வரைபடமாக மாற்ற வேண்டும். செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 50 மி.மீ. என்று அளவுத்திட்டம் வைத்தால், நவம்பர் பட்டை 7 செ.மீ. உயரம் வரும், ஆகஸ்ட் 3 செ.மீ. வரும். வரைந்ததும் எண்களைத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். முன்பக்கத்தில் படமும் கேள்விகளும் மட்டும் இருக்கட்டும். இனி அந்த அட்டவணைதான் விடைக்குறிப்பு. ஒரு வாரம் கழித்துத் தாளை எடுத்தால், மனப்பாடமாக நின்ற எண்கள் மறந்திருக்கும். படத்தைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டியிருக்கும்.

கேள்விகளை மூன்று படிகளாக அமைப்பது நல்லது. முதல் படி, படத்திலிருந்து நேராக வாசிப்பது. 'செப்டம்பரில் எவ்வளவு மழை?' என்று கேட்டால், பட்டையின் உச்சியில் அடிக்கோலைக் கிடையாக வைத்து அச்சைத் தொட வேண்டும். 110 மி.மீ. என்று வரவேண்டிய இடத்தில் 105 அல்லது 115 என்று வந்தால் ஏற்கலாம். அலகு எழுதாமல் வெறும் 110 என்று விட்டால் விடை முழுமையாகாது.

இரண்டாம் படி, சேர்த்துப் பார்த்துக் கணக்கிடுவது. 'ஆண்டு மழையில் வடகிழக்குப் பருவமழையின் பங்கு என்ன?' அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டினால் 775 மி.மீ. பன்னிரண்டு மாதத்துக்கும் 1,280 மி.மீ. பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான 415 மி.மீ. ஏறத்தாழ 32 விழுக்காடுதான். இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவக்காற்றே மழை தருகிறது என்று படித்த பிள்ளை, படத்தைப் பார்க்காமலே 'தென்மேற்கு' என்று எழுதிவிடும். அந்தப் பிழையைப் பிடிக்கத்தான் இந்தக் கேள்வி.

மூன்றாம் படி, காரணம். இதற்கு விடை படத்தில் இருக்காது, குறிப்பில்தான் இருக்கும். தென்மேற்குக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை பெருமளவு வாங்கிக்கொள்கிறது. சென்னை மழை மறைவுப் பகுதியில் நிற்கிறது. அக்டோபருக்குப் பின் காற்று திசை மாறி, வங்கக் கடலைக் கடந்து ஈரத்தோடு வருகிறது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் சேர்ந்துகொள்கின்றன. நவம்பர் பட்டை உயர்ந்து நிற்பது அதனால்தான்.

இந்தப் படியில் 'படத்தை வைத்துச் சொல்ல முடியாதது எது?' என்றும் ஒரு கேள்வி வையுங்கள். 2015 நவம்பரில் சென்னையில் 1,000 மி.மீ.க்கும் மேல் கொட்டியது. சராசரிப் படத்தில் அது தெரியாது. அடுத்த ஆண்டு எவ்வளவு பெய்யும் என்பதையும் படம் சொல்லாது.

முதல் தாள் பழகியபின் அதே படத்தில் வெப்பநிலையைக் கோடாகச் சேருங்கள். மழை மாதந்தோறும் சேரும் மொத்த அளவு என்பதால் பட்டை. வெப்பநிலை தொடர்ந்து ஏறி இறங்குவதால் கோடு. இடது அச்சு மழைக்கு, வலது அச்சு வெப்பநிலைக்கு, 1 செ.மீ.க்கு 5 டிகிரி. மே மாதச் சராசரி சுமார் 33 டிகிரி. அந்தப் புள்ளி 6.6 செ.மீ. உயரத்தில் விழும். அதை இடது அச்சில் வாசிக்கும் பிள்ளை 'மே மாத மழை 330 மி.மீ.' என்று எழுதும். சரியான விடை 50. அப்படி எழுதினால் அச்சைத்தான் மாற்றிப் பார்த்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தாளைத் திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். தவறு எந்தப் படியில் நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். வாசிப்பில் தவறினால் அடிக்கோல் வைத்துப் பழக வேண்டும். கணக்கில் தவறினால் கூட்டலையும் விழுக்காட்டையும் பார்க்க வேண்டும். காரணத்தில் தவறினால் மட்டுமே பாடத்தை மறுபடி படித்தால் போதும்.