கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, வீட்டுக்குள் இருப்பதற்கு?

ஆண்டுக்கொரு முறை அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் கடிதம் அனுப்புகிறார்: ‘நம் கட்டடத்தின் இன்ஷூரன்ஸ் பாலிசி புதுப்பிக்கப்பட்டது.’ படித்தவர்கள் தம் வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தில் இன்னும் இரண்டு பத்தி இருந்திருக்க வேண்டும்.

24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீடு ஒன்றுக்கு 1,000 சதுர அடி. இன்று திரும்பக் கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டு, சங்கம் 6 கோடிக்கு பாலிசி எடுக்கிறது. ஒரு வீட்டின் பங்கு 25 லட்சம். சந்தையில் அதே வீடு 80 லட்சம் போகலாம். ஆனால் அதில் பெரும்பகுதி நிலத்தின் விலை. நிலம் எரிவதில்லை என்பதால் அது கணக்கில் வராது.

அந்த 25 லட்சத்தில் அடங்குவது பில்டர் ஒப்படைத்த வீடுதான்: சுவர், தளம், பூச்சு, அடிப்படை வயரிங், குழாய், கதவு, ஜன்னல். பிறகு குடியிருப்பவர் செய்துகொண்ட மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், சுவர் அலமாரிகள் அந்தத் தொகையில் சேரவில்லை. சோபா, டிவி, ஃபிரிட்ஜ் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது ஒரு சமையலறையில் தீ. பூச்சு, வயரிங், ஜன்னலைச் சரிசெய்ய ஒன்றரை லட்சம். இதைச் சங்கத்தின் பாலிசியில் கோரலாம், பணம் சங்கத்தின் பெயருக்கே வரும். கிச்சன் அலமாரிக்கு 3 லட்சம், சீலிங்குக்கு ஒரு லட்சம், மின்சாதனங்களுக்கு ஒரு லட்சம் என்றால், அந்த 5 லட்சமும் வீட்டுக்காரர் கையைக் கடிக்கும்.

சச்சரவு பெரும்பாலும் அலமாரியில்தான் வருகிறது. சுவரோடு ஆணியடித்துப் பொருத்தியதைக் கட்டடத்தின் பகுதி என்று வாதிட இடமுண்டு. ஆனால் சங்கம் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டபோது அதன் மதிப்பைச் சேர்க்கவில்லையே! அதனால் உள் அலங்கார வேலைகளின் மதிப்பைத் தனி பாலிசியில் வெளிப்படையாக எழுதிச் சேர்ப்பதே நல்லது. கார்பென்டரின் பில்லையும் படங்களையும் வீட்டுக்கு வெளியே, மின்னஞ்சலில், ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும்.

2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், வீட்டுப் பொருட்களுக்கு மட்டும்கூடக் காப்பீடு எடுக்கலாம். கட்டடத்துக்குச் சங்கமே கட்டிவிட்டால் மறுபடி கட்டுவதில் பலனில்லை. ஒரே நஷ்டத்துக்கு இரட்டைத் தொகை கிடைக்காது. வீட்டுக் கடன் வாங்கியவர்கள், வங்கி எடுத்துக்கொடுத்த பாலிசி கட்டடத்துக்கா, பொருளுக்கா என்றும் பார்க்க வேண்டும். நகைக்கும் சாதாரணத் திருட்டுக்கும் தனியாகச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மேல்வீட்டுக் குழாய் திடீரென வெடித்துக் கொட்டினால் கோரலாம். மாதக்கணக்கில் கசிந்து சீலிங் ஊறிப்போயிருந்தால், அது பராமரிப்புக் குறை என்று சர்வேயர் ஒதுக்கிவிடுவார். ஈரத்திட்டு தெரிந்த அன்றே சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதுதான் வழி.