பதினைந்து விநாடியில் ஒரு திசை

1971 ஜனவரி 11 அன்று, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணையில் ‘டெக்ஸாகோ கரீபியன்’ என்ற எண்ணெய்க் கப்பலும் பெரு நாட்டின் ‘பராகாஸ்’ என்ற சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கப்பல் வெடித்து மூழ்கியது. மறுநாளே ஜெர்மன் கப்பல் ‘பிராண்டன்பர்க்’ அந்தச் சிதைவில் இடித்து மூழ்கியது. அந்த இடத்தைச் சுற்றி விளக்குக் கப்பலும் மிதவைகளும் நிறுத்தப்பட்டன. அப்படியும் பிப்ரவரி 27-ல் கிரேக்கக் கப்பல் ‘நிக்கி’ அங்கேயே மோதித் தன் மாலுமிகள் அனைவரோடும் மூழ்கியது. மூன்று கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தார்கள்.

விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. சில முறைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இந்த விபத்துக்குப் பிறகுதான் பொதுவான முறை ஒன்றை உருவாக்கும் வேலை வேகம் பிடித்தது. 1980 நவம்பரில் டோக்கியோவில் கூடிய நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. இன்று எந்த நாட்டு மாலுமியும் எந்தக் கடலிலும் படிப்பது அந்த முறையைத்தான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உலகம் இரண்டாகவே நின்றுவிட்டது. இந்தியா, இலங்கை, ஐரோப்பா உள்ளிட்ட பெரும்பகுதியில், கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது வாய்க்காலின் இடப்பக்கத்தில் சிவப்பு மிதவையும் வலப்பக்கத்தில் பச்சை மிதவையும் இருக்கும். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் நிறங்கள் இடம் மாறிவிடும். உருவம் மட்டும் எங்கும் மாறாது. இடப்பக்கத்துக்கு உருளை, வலப்பக்கத்துக்குக் கூம்பு. எதிர்வெயிலில் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலக் கறுத்துத் தெரியும். அப்போது கைகொடுப்பது இந்த உருவம்தான்.

இடம், வலம் என்பது வாய்க்காலுக்குப் போதும். திறந்த கடலில் ஒரு பாறையோ மணல்திட்டோ இருந்தால், எந்தத் திசையிலிருந்தும் கப்பல் வரலாம்; அங்கே இடமும் வலமும் உதவாது. அதற்காக வந்தவைதான் திசைக் குறிகள். தெற்குக் குறி என்றால் அது ஆபத்துக்குத் தெற்கே நிற்கிறது, அதன் தென்புறமாகப் போனால் ஆழமான நீர் கிடைக்கும் என்று பொருள். மற்ற மூன்று திசைகளுக்கும் இப்படியே.

பகலில் இவற்றை அடையாளம் காண உதவுபவை இரண்டு. மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கறுப்புக் கூம்புகள். உடலில் கறுப்பும் மஞ்சளும். வடக்குக் குறியில் இரு கூம்புகளும் மேல்நோக்கி நிற்கும், தெற்கில் கீழ்நோக்கி. கிழக்கில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக முனைகள் விலகி நிற்கும், மேற்கில் முனைகள் ஒன்றையொன்று நோக்கும். கூம்பின் முனை காட்டும் இடத்தில்தான் கறுப்புப் பட்டை இருக்கும். வடக்கில் மேல்பாதி கறுப்பு, தெற்கில் கீழ்ப்பாதி. கிழக்கில் மேலும் கீழும் கறுப்பு, நடுவில் மஞ்சள். மேற்கில் நடுவில் கறுப்பு. எனவே கூம்பு உடைந்து விழுந்திருந்தாலும் வண்ணம் சொல்லிவிடும். பறவை எச்சம் படிந்து வண்ணம் தெரியாவிட்டால் கூம்பு சொல்லிவிடும்.

இரவில் கூம்புமில்லை, வண்ணமுமில்லை. நான்கு குறிகளிலும் எரிவது வெள்ளை விளக்குதான். வேறுபாடு முழுவதும் மினுக்கல்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. கடிகார முகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்: மூன்று மணி இருக்கும் கிழக்குக்கு மூன்று மினுக்கல்கள், ஆறு மணி இருக்கும் தெற்குக்கு ஆறு, ஒன்பது மணி இருக்கும் மேற்குக்கு ஒன்பது. பன்னிரண்டை எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால் வடக்குக் குறி நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

தெற்குக் குறிக்கு மட்டும் ஒரு கூடுதல் உண்டு. ஆறு மினுக்கல்கள் முடிந்ததும் குறைந்தது இரண்டு விநாடி நீடிக்கும் ஒரு நீண்ட ஒளி வரும். இந்த முறையிலேயே என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். மிதவை விளக்கு தண்ணீருக்கு மேல் சில மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. அலை எழும்போது, தாழ்ந்த படகிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு மூன்று மினுக்கல்கள் மறைந்துபோகலாம். ஒன்பதில் மூன்று மறைந்தால் மேற்கு தெற்காகிவிடும். நேரத்தைக் கொண்டும் பிரிக்க முடியாது. விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றாக மினுக்கும் வகையில், ஆறுக்கும் சரி ஒன்பதுக்கும் சரி, ஒரு சுற்றுக்கு 15 விநாடிதான். அந்த நீண்ட ஒளி வந்துவிட்டால், எண்ணிக்கை தவறியிருந்தாலும் அது தெற்கு என்பதில் ஐயமில்லை.

ஒரு சிறு படகு இரவில் கிழக்கு நோக்கிப் போவதாக வைத்துக்கொள்வோம். நேர் எதிரே, சற்றே வலப்புறமாக வெள்ளை ஒளி விட்டுவிட்டுத் தெரிகிறது. படகோட்டி ஒரு தொகுதியின் முதல் மினுக்கலில் நேரத்தை எடுக்கத் தொடங்கி, அடுத்த தொகுதியின் முதல் மினுக்கலில் நிறுத்துகிறார்: 15 விநாடி. நடுவில் ஐந்து மினுக்கல்கள்தான் தெரிந்தன, பிறகு ஒரு நீண்ட ஒளி. மறுபடி எண்ணுகிறார்: ஆறு, நீண்ட ஒளி, 15 விநாடி. மூன்றாம் முறையும் அதுவே. கடல் வரைபடத்தில் அந்த இடத்தருகே `Q(6)+LFl.15s` என்று அச்சிட்டிருக்கிறது: விரைவு மினுக்கல் ஆறு, கூடவே ஒரு நீண்ட ஒளி, சுற்று 15 விநாடி. ஆகவே இது தெற்குக் குறி. இப்போதைய போக்கிலேயே போனால் குறி படகின் வலப்பக்கமாக, அதாவது தெற்கே, கடந்து போகும். படகு குறிக்கும் பாறைக்கும் நடுவே சிக்கும். அவர் வலப்பக்கம் திரும்பி, விளக்கு தன் இடப்பக்கத்துக்கு வந்து நன்றாக விலகும்வரை தெற்கே இறங்கிப் போக வேண்டும்.

திரும்பும் முன் திசைகாட்டியில் அந்த ஒளியின் திசையையும் பார்த்து, வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது அவசியம். மிதவை சங்கிலியில் கட்டுண்டு ஆடுவது. புயலில் நங்கூரம் இழுபட்டு நகர்ந்திருக்கலாம், விளக்கே அணைந்திருக்கலாம். விளக்கு காணவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எந்த மாலுமியும் முடிவு செய்வதில்லை.

கலங்கரை விளக்கம் நகராது. அதனால் அதன் ஒளி ஒரு பெயர்போலச் செயல்படுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிக் கிழக்கே வரும் கப்பலுக்கு லிஸார்ட் முனை மூன்று விநாடிக்கு ஒருமுறை மின்னும். அடுத்து எடிஸ்டன் பாறை 10 விநாடிக்கு இருமுறை. அதற்கடுத்து ஸ்டார்ட் முனை 10 விநாடிக்கு மும்முறை. மேற்கே தொலைவிலுள்ள பிஷப் ராக்கும் இருமுறைதான் மின்னுகிறது, ஆனால் 15 விநாடிக்கு ஒரு சுற்று. மின்னலை மட்டும் எண்ணிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காதவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம்.

எவ்வளவு தொலைவில் ஒரு விளக்கு தெரியும் என்பது அதன் வலிமையை மட்டும் பொறுத்ததல்ல; பூமியின் வளைவும் மறைக்கிறது. விளக்கின் உயரத்துக்கும் பார்ப்பவரின் கண் உயரத்துக்கும் மீட்டரில் தனித்தனியே வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் கூட்டி, 2.08-ஆல் பெருக்கினால் கடல் மைல் கணக்கில் விடை கிடைக்கும். எடிஸ்டன் விளக்கு கடல் மட்டத்துக்கு மேல் 41 மீட்டரில் இருக்கிறது. கண் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் விடை ஏறத்தாழ 17 கடல் மைல். தெளிவான இரவில், விளக்கு அடிவானத்தில் முதன்முதலாகத் தலைகாட்டும்போது மாலுமி சட்டென்று குனிந்து பார்ப்பார். குனிந்தால் மறைந்து, நிமிர்ந்தால் தெரிந்தால், விளக்கு சரியாக அடிவானக் கோட்டில் இருக்கிறது. அதாவது தொலைவு 17 கடல் மைல். திசைகாட்டி தரும் திசையை அதோடு சேர்த்தால், கரையே தெரியாத இருட்டில் கப்பல் நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிடலாம்.