வாடகைக் காரும் முடங்கிய டெபாசிட்டும்

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை வைத்தே அங்கே ஓராண்டு வரை கார் ஓட்டலாம். சாலையிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான். அதனால் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பலர் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துவிடுகிறார்கள். எடுக்கும்போது சிக்கல் குறைவு. கார்டில் பிடித்து வைத்த டெபாசிட்டில் எவ்வளவு மீளும் என்பது காரைத் திருப்பி விடும்போதுதான் தெரியும்.

முதலில் டெபாசிட் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கவுன்டரில் 250 பவுண்டு என்று சொல்லி கிரெடிட் கார்டை வாங்கினால், பெரும்பாலும் அந்தப் பணம் நிறுவனத்தின் கைக்குப் போவதில்லை. உங்கள் கடன் வரம்பில் அவ்வளவு தொகையை வங்கி முடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். பில்லில் அது செலவாக ஏறாது; வட்டியும் கிடையாது. டெபிட் கார்டு என்றால் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கும். முடக்காமல் நிஜமாகவே பணத்தை எடுத்து, பிறகு திருப்பித் தருகிற நிறுவனங்களும் உண்டு. அங்கே போகும்போது ஒரு பவுண்டு விலை, வரும்போது வேறு விலை. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. ‘முடக்குகிறீர்களா, எடுக்கிறீர்களா?’ என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுவது நல்லது.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. வாடகை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. வெள்ளி காலை 10 மணிக்கு, டேங்க் நிறையப் பெட்ரோலுடன் எடுத்த காரைத் திங்கள் காலை 10 மணிக்கு அதே போல நிரப்பித் தர வேண்டும். வந்து சேர்ந்தது 11.40-க்கு. டேங்கில் கால் பங்கு குறைகிறது. முன் சக்கரத்தின் அலாய் விளிம்பு நடைபாதைக் கல்லில் உரசியிருக்கிறது.

45 லிட்டர் டேங்கில் கால் பங்கு ஏறத்தாழ 11 லிட்டர். பங்கில் லிட்டர் 1.40 பவுண்டு என்றால் 15.40-ல் முடிந்திருக்கும். நிறுவனம் தன் விலையாக லிட்டருக்கு 2.20-உம், நிரப்பும் கூலியாக 25-உம் போட்டால் 49.20 ஆகிறது. வாடகை நாள் என்பது 24 மணி நேரக் கணக்கு. அரை மணி, ஒரு மணி நேரம் போலச் சலுகை தருவார்கள். அது தாண்டினால் பல இடங்களில் ஒரு முழு நாள் வாடகை, அதுவும் முன்பதிவு விலையில் அல்ல, கவுன்டர் விலையில். இங்கே 55 என்று வைப்போம். சக்கரத்துக்கு 90, அதைக் கையாளும் அலுவலகக் கட்டணம் 45. மொத்தம் 239.20. மீள்வது 10.80.

‘இன்ஷூரன்ஸ் இருக்கிறதே’ என்று தோன்றும். வாடகையோடு வரும் காப்பில் முதல் ஆயிரம் பவுண்டு அளவுக்கான சேதம் ஓட்டியவர் பொறுப்பு என்று இருப்பது வழக்கம். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பல நேரம் காப்பிலேயே வராது. இந்தத் தொகைக்கென்று வெளியில் தனிப் பாலிசி எடுத்திருந்தாலும், நிறுவனம் முதலில் உங்கள் கார்டில்தான் எடுக்கும். நீங்கள் சேத அறிக்கை, பில், ஒப்பந்தம், கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் கொடுத்துப் பிறகு மீட்க வேண்டும்.

பெட்ரோலும் நேரமும் நம் கையில் இருப்பவை. சர்ச்சை வருவது கீறலில்தான். எடுக்கும்போது தரப்படும் சேதப் படிவத்தில் இல்லாத கீறல் எல்லாம் உங்களுடையதாகிவிடும். அதனால் வெளியே எடுக்கும் முன் நான்கு சக்கரங்கள், பம்பரின் கீழ்ப்பகுதி, முன் கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, விட்டுப்போனதைப் படிவத்தில் எழுத வைக்க வேண்டும். விடும்போதும் அப்படியே, பெட்ரோல் முள்ளும் ஓடிய தூரமும் தெரிய ஒரு படம் சேர்த்து. இரவில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுநாள் ஊழியர் வந்து பார்க்கும் வரை கார் உங்கள் பொறுப்பில்தான் இருக்கும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

கணக்கு முடிந்ததும் நிறுவனம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடுவிக்கச் சொல்கிறது. முடக்கத்தை அவிழ்ப்பது உங்கள் வங்கி. இதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். முடக்கிய தொகையிலிருந்து எடுக்காமல் 239.20-ஐப் புதிய செலவாகப் போட்டுவிட்டால், பழைய முடக்கம் அவிழும் வரை வரம்பில் இரண்டும் சேர்ந்தே கழியும். இரண்டு முறை எடுத்துவிட்டார்கள் என்று பதறும் பலருக்கு நடந்திருப்பது இதுதான். நிறுவனத்திடம் இறுதி பில்லையும், விடுவித்ததற்கான உறுதியையும் கேட்டு வாங்கி வங்கிக்கு அனுப்பினால் வேலை விரைவாகும்.

டெபாசிட் திரும்பியதோடு கணக்கு தீர்ந்ததாகவும் எண்ண வேண்டாம். லண்டனுக்குக் கிழக்கே டார்ட்ஃபோர்டு கடவையில் சுங்கச் சாவடியே கிடையாது; மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் அபராத நோட்டீஸ் நிறுவனத்துக்குப் போய், அலுவலகக் கட்டணமும் சேர்ந்து வாரங்கள் கழித்து அதே கார்டில் வரும். வந்தது நியாயமில்லை என்று பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, படத்தோடு பில்லும் கேளுங்கள். அந்த நிறுவனம் பிரிட்டனின் வாகன வாடகைச் சங்கமான பி.வி.ஆர்.எல்.ஏ-வின் உறுப்பினர் என்றால், அடுத்து அங்கே புகார் செய்யலாம். சங்கம் சமரசம் பேசும். அதுவும் பலிக்காவிட்டால், கார்டு தந்த வங்கியிடம் அந்தச் செலவை ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.